எண் சரி, கணக்குத் தவறு: மருத்துவமனைப் படிவத்தைத் தமிழாக்கும்போது

கேஷ்லெஸ் சிகிச்சைக்காக மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க் நிரப்பித் தரும் முன் அனுமதிப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியில் நோயாளி கையெழுத்திடும் உறுதிமொழி ஒன்று உண்டு. காப்பீட்டு நிறுவனம் அனுமதித்த வரம்புக்கு மேற்பட்ட, பாலிசி விதிகளுக்குள் வராத செலவை நானே கட்டுகிறேன் என்பது அதன் சாரம். அந்த வரம்பு என்ன என்பதைத் தமிழில் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்திடுபவர், எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்று தெரியாமலேயே ஒப்புக்கொள்கிறார். இந்தத் தமிழாக்கங்களில் எண்கள் தவறுவது குறைவு. எண்ணோடு ஒட்டியிருக்கும் நிபந்தனைதான் உதிர்ந்துபோகிறது. எதில் இத்தனை சதவீதம், எத்தனை நாளுக்கு, எந்தச் செலவுக்கு என்ற மூன்றும் கூடவே வராவிட்டால், சரியாக எழுதிய எண்ணும் பொய் சொல்லும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காப்பீட்டுத் தொகை 3 லட்சம். அறை வாடகைக்கு உச்சவரம்பு, காப்பீட்டுத் தொகையில் ஒரு நாளைக்கு 1 சதவீதம். அதாவது 3,000 ரூபாய். வரம்பை மீறினால் விகிதாசாரக் கழிவு. ஏற்கப்படும் தொகையில் 10 சதவீதம் நோயாளியின் பங்கு. கோ-பே என்பது இதுதான். முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு மருத்துவமனை தந்த மதிப்பீடு: நாள் வாடகை 5,000 வீதம் நான்கு நாளுக்கு 20,000, மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கக் கட்டணம் 1,20,000, செயற்கை மூட்டு, மருந்து, பரிசோதனை 90,000. மொத்தம் 2,30,000. 'அறை வாடகை 3,000 வரை' என்று மட்டும் தமிழில் எழுதிவிட்டால், குடும்பத்தார் என்ன நினைப்பார்கள்? வாடகையில் 8,000 நம் கையிலிருந்து, மீதி 2,22,000-இல் பத்து சதவீதம், ஆக 30,200 ரூபாய் புரட்டினால் போதும் என்றுதான். ஆனால் விகிதாசாரக் கழிவு வாடகையோடு நிற்பதில்லை. 5,000-க்கு 3,000 என்றால் அறுபது சதவீதம். அதே விகிதத்தில் மருத்துவர், அரங்கக் கட்டணமும் 72,000 ஆகக் குறையும். செயற்கை மூட்டு, மருந்து, பரிசோதனை ஆகியவற்றில் இந்தக் கழிவு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. எனவே ஏற்கப்படுவது 12,000, 72,000, 90,000 சேர்ந்து 1,74,000. அதில் பத்து சதவீதம் போக, காப்பீடு தருவது 1,56,600. குடும்பம் கட்டவேண்டியது 73,400. ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டதால் வந்த வித்தியாசம் 43,200 ரூபாய். டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? முன்பே தெரிந்திருந்தால் 3,000 ரூபாய் அறையைக் கேட்டிருப்பார்களே!

சிகிச்சையின் பெயரிலும் இதே கண்டிப்பு வேண்டும். 'டோட்டல் நீ ரீப்ளேஸ்மென்ட், ரைட்' என்பதில் வரும் 'டோட்டல்' இரண்டு கால்களையும் குறிக்காது. ஒரே மூட்டின் தேய்ந்த பரப்புகளை முழுமையாக மாற்றுவதைக் குறிக்கும். 'வலது முழங்கால் முழு மூட்டு மாற்று' என்று எழுதி, பக்கத்திலேயே மூலப் பெயரையும் தமிழ் எழுத்தில் தருவதுதான் சரி. டெஸ்க்கில் இருப்பவர் சொல்லும் பெயரும் கையிலுள்ள தாளும் ஒன்றா என்று நோயாளியே அப்போது ஒப்பிட்டுக்கொள்வார். 'கோ-பே'யைக் 'கட்டணச் சலுகை' என்று எழுதுவது இன்னும் மோசம். கொடுக்கவேண்டியவரைப் பெறுபவராக மாற்றிவிடுகிறது அது.

சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு, மொத்தத் தொகையைச் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மேலே கண்ட கணக்கில் 2,30,000 என்ற மொத்தம் துல்லியமாகவே இருந்தது. அதை வைத்துக் குடும்பத்தால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை. வாக்கியம் கடினமாக இருந்தால் இரண்டாக உடைக்கலாம், ஓர் உதாரணம் சேர்க்கலாம். நிபந்தனையை மட்டும் விடக்கூடாது. இன்னொரு கேள்விக்குக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். மூலத்திலேயே கூட்டல் தவறாக இருந்தால், அல்லது மேலே வலது என்றும் கீழே இடது என்றும் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் திருத்தலாமா? திருத்தக்கூடாது என்பதே என் முடிவு. நிறுவனத்தின் கையில் இருப்பது மூலப் படிவம். தமிழ்ப் படியை மட்டும் சரிசெய்தால் பிழை நோயாளியின் கண்ணுக்கு மறைந்துபோகும். உள்ளபடி எழுதி, 'மூலத்தில் இப்படியே உள்ளது' என்று ஓரத்தில் குறித்து, படிவம் அனுப்பப்படும் முன் டெஸ்க்குக்குச் சொல்லவேண்டும்.

முதலில் வரும் அனுமதித் தொகை இறுதித் தொகை அல்ல. டிஸ்சார்ஜின்போது முழு பில்லைப் பார்த்தபிறகே கடைசி முடிவு. ஆகவே தமிழ்ப் படியைக் கையில் வாங்குபவர்கள், 'சதவீதம்' என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்து, 'எதில்?' என்று கேளுங்கள். பதில் கிடைத்தபிறகு கையெழுத்திடுங்கள்.