தாத்தா பெயரில் ஒரு வயல்

அப்பா காலமான பிறகு சென்னையிலிருந்து வந்தவன், வயலை விற்பதா வைத்துக்கொள்வதா என்று வரப்பில் நின்று யோசித்தான்.

"முதல்ல பட்டாவைப் பாருப்பா" என்றார் சித்தப்பா.

பார்த்தால், பட்டா இன்னும் தாத்தா பெயரில்! அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்குப் பாதி உழுதது வாய்ப்பேச்சுப் பாகம்தான். நிலமோ தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயிலும் எழுதவில்லை. அப்படியானால் இரண்டு அத்தைகளுக்கும் சம பங்கு உண்டு. குடும்பங்களில் வசதியாக மறந்துபோகும் விஷயம் இது.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, எல்லோரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்தால்தான் அவன் பங்குக்குத் தனிப்பட்டா.

சம்பா சாகுபடியைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, மாலையில் பெரிய அத்தை ஊருக்குப் பஸ் ஏறினான்.