ஆட்டத்துக்கு உண்டு, கணக்குக்கு இல்லை

தேன்கனிக்கோட்டைத் தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, அண்ணன் பின்னாலேயே வந்துவிட்ட நாலு வயதுக் குட்டியையும் சேர்த்துக்கொள்வார்கள். அதைத் தொட்டாலும் அவுட் இல்லை. தமிழில் அது ஒப்புக்குச் சப்பாணி. கன்னடம் பேசும் பிள்ளைக்கு 'ஆட்டக்குண்டு, லெக்கக்கில்ல': ஆட்டத்துக்கு உண்டு, கணக்குக்கு இல்லை. தெலுங்கு வீட்டில் 'ஆட்டலோ அரட்டிபண்டு', ஆட்டத்தில் வாழைப்பழம். கணினி விளையாட்டில் 'ஈஸி மோட்' வைப்பவரைப் பார்த்து மற்றவர்கள் சொல்வதும் இதேதான். விளையாடலாம், ஆனால் ஜெயித்ததாகக் கணக்கில்லை.

இந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்க்க, 2018இல் வந்த 'செலஸ்ட்' நல்ல விளையாட்டு. மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். தாவவும் பாயவும் பிடித்துத் தொங்கவும் வேண்டும். முள்ளில் பட்டால் அந்தத் திரையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடினமான விளையாட்டு என்றே பெயர் வாங்கியது. ஆனால் அதில் 'அசிஸ்ட் மோட்' உண்டு. விளையாட்டின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாகப் பாதிவரை குறைக்கலாம், தொங்கும்போது களைக்காமல் இருக்கலாம், சாகாமலே இருக்கலாம். கதையில் எதுவும் மறைக்கப்படாது.

என் மச்சான் ஓசூர்ப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தபோது இடது கையின் ஆள்காட்டி விரலை இழந்தார். இந்த விளையாட்டில் வலது கை அம்புக்குறி விசைகளில் இருக்கும். இடது கைக்கு Z, X, C. தாவுவதற்கான C, ஆள்காட்டி விரலுக்கு உரியது. அவர் அந்த வேலையைக் கட்டைவிரலுக்குக் கொடுத்தார். கட்டைவிரல் பக்கவாட்டில் மடங்கி வந்து அழுத்தும். அதில் ஒரு கண நேரம் போய்விடும்.

அந்தக் கணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிரே ஒரு கட்டை பாய்ந்து வந்து மோத 0.4 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணால் பார்த்து விரலால் அழுத்த மனிதருக்குச் சுமார் கால் வினாடி வேண்டும். மிச்சம் 0.15 வினாடி. ஆட்டத்தின் சுவாரசியமே அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. மச்சானின் கட்டைவிரல் 0.1 வினாடி தாமதித்தால் அவருக்கு மிஞ்சுவது 0.05தான். இப்போது வேகத்தை 80 சதவீதமாக்குங்கள். கட்டை வந்து சேர 0.5 வினாடி ஆகும். அவருக்கான 0.35ஐக் கழித்தால் மிச்சம் அதே 0.15. மற்றவருக்கு முழு வேகத்தில் எவ்வளவு கடினமோ, அவருக்கு எண்பதில் அவ்வளவு கடினம். அதைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. திரையை மனப்பாடம் செய்துவிட்டவருக்குக் கண் பார்த்துக் கை அழுத்தும் நேரம் பெரிதில்லை, தாளம்தான் முக்கியம். வேகம் குறைந்தால் பழகிய தாளம் தப்பவும் செய்யும்.

முழு வேகத்தில் ஆடுகிறவர்களுக்கும் விளையாட்டு சத்தமில்லாமல் உதவுகிறது. விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்துக்குப் போன பிறகும் 0.1 வினாடிக்குத் தாவல் செல்லும். 'கோயோட்டி டைம்' என்பார்கள். தாவும்போது தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால், விளையாட்டே மேடலினைச் சில புள்ளிகள் நகர்த்தி மேலே விடும். 'நான் சரியாகத்தான் தாவினேன்' என்று நாம் நம்பும் பல தாவல்கள் இப்படிக் கைதூக்கி விடப்பட்டவை. அதை யாரும் ஈஸி மோட் என்று சொல்வதில்லை.

கெடுக்கும் எளிமையும் இருக்கிறது. ஒருநாள் மச்சான் 'சாகாமை'யைப் போட்டார். முள்மேலேயே நடந்து ஒரு நிமிடத்தில் திரையைக் கடந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. வேகத்தைக் குறைத்தால் எங்கே தாவுவது, எப்போது பாய்வது என்ற புதிர் அப்படியே இருக்கும். சாகாமை அந்தப் புதிரையே எடுத்துவிடுகிறது. கதைக்காக மட்டும் ஆடுகிறவருக்கு அது போதும், அவருக்கு அது தேவையாகவும் இருக்கலாம். மச்சானுக்கு வேண்டியது புதிர்.

அசிஸ்ட் மோடைத் திறக்கும்போது வரும் குறிப்பில், கடினம் இந்த அனுபவத்துக்கு இன்றியமையாதது என்று முதலில் எழுதியிருந்தார்கள். உடல் இயலாமை உள்ளவர்களிடம் அது, உன் ஆட்டம் கணக்கில் இல்லை என்று சொல்வதாகிவிட்டது. 2019இல் அந்த வரியை எடுத்தார்கள். தெருவில் யார் ஒப்புக்குச் சப்பாணி என்பதை மற்ற பிள்ளைகள் முடிவு செய்வார்கள். இங்கே ஆடுகிறவரே முடிவு செய்கிறார், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்கிறார்.

போன ஞாயிறு மச்சானின் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, தொண்ணூறுக்கு ஏத்தட்டுமா?"

"ஏத்து பாப்பா."

ஒரே திரையில் இருபது தடவைக்கு மேல் விழுந்தார். மகள் மறுபடி எண்பதுக்கு இறக்கப் போனாள். அவள் கையை மெல்லத் தள்ளிவிட்டு, கட்டைவிரலை C மேல் வைத்தார்.