வாடகை விளம்பரத்தைக் கட்டங்களுக்குள் கொண்டுவருவது

“மேற்கு மாம்பலம். வாடகைக்கு 2 பெட்ரூம் ஹால் கிச்சன், 850 ச.அடி, 3 மாடிக் கட்டடத்தில் 2வது மாடி, லிஃப்ட் உண்டு. ரயில் நிலையம் 5 நிமிட நடை. வாடகை 22 ஆயிரம், மெயின்டெனன்ஸ் 1500 தனி, அட்வான்ஸ் 5 மாதம்.”

இந்தக் கட்டுரைக்காக எழுதிக்கொண்ட மாதிரி விளம்பரம் இது. சென்னையில் வீடு தேடிய எவருக்கும் இதை வாசிக்க ஒரு நொடி போதும். ஆனால் இப்படி ஆயிரம் விளம்பரங்கள் கையில் இருந்து, “25 ஆயிரத்துக்குள், 800 சதுர அடிக்குக் குறையாமல், தரைத்தளத்தில் என்னென்ன வீடுகள் இருக்கின்றன?” என்று கேட்டால், வாசகமாக இருக்கும் வரை பதில் கிடைக்காது. ஒவ்வொரு விளம்பரத்தையும் பரப்பு, அறை, தளம், வாடகை, முன்பணம் என்ற ஐந்து கட்டங்களில் நிரப்பிய பிறகுதான் கணினியால் வடிகட்டவும் வரிசைப்படுத்தவும் முடியும். மேலே உள்ள விளம்பரம் கடைசியில் இப்படி வந்து நிற்க வேண்டும்:

```json
{
  "area_sqft": 850,
  "bedrooms": 2,
  "floor": 2,
  "rent": 22000,
  "deposit": 110000
}
```

கணினியியலில் இந்த வேலைக்குத் தகவல் பிரித்தெடுத்தல் என்று பெயர். வாடகை விளம்பரத்துக்கு இந்தத் துறையில் ஒரு தனி இடம் உண்டு. 1999இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோடர்லண்ட், விஸ்க் என்ற கருவியைப் பற்றி எழுதியபோது, அந்நகரத்து வாடகை விளம்பரங்களையே முக்கியச் சோதனைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். அவர் பிரித்தது பகுதி, படுக்கையறை, விலை ஆகிய மூன்றை. மனிதர்கள் குறித்துக் கொடுத்த மாதிரிகளிலிருந்து பிரிக்கும் விதிகளைக் கருவி தானே கற்றுக்கொண்டது. சொல்லுக்கோ வரிக்கோ இவ்வளவு என்று காசு கொடுத்துச் சுருக்கி எழுதப்படும் விளம்பரம் முழு வாக்கியமும் இல்லை, அட்டவணையும் இல்லை. இலக்கணத்தை நம்பியும் பிரிக்க முடியாது, எந்தத் தகவல் எத்தனையாவது இடத்தில் வரும் என்பதை நம்பியும் பிரிக்க முடியாது. சோதனைக்கு அதை எடுக்க இதுவே நல்ல காரணம்.

நம் மாதிரிக்கு வருவோம். அதில் எட்டு எண்கள் இருக்கின்றன. கட்டங்களோ ஐந்து. ரயில் நிலையத்தின் 5, கட்டடத்தின் 3, மெயின்டெனன்ஸின் 1500 ஆகியவை எந்தக் கட்டத்துக்கும் உரியவை அல்ல. ஒரே 2 இருமுறை வந்து, ஒருமுறை அறையையும் மறுமுறை தளத்தையும் குறிக்கிறது. ஆகவே எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம், அது எதன் எண் என்று சொல்வதுதான் வேலை. அதை முடிவு செய்வது பக்கத்தில் உள்ள சொல்.

முதலில் யாருக்கும் தோன்றுவது, “வாடகை என்ற சொல்லுக்குப் பிறகு வரும் முதல் எண்ணை எடு” என்ற விதி. எழுத்துக் கோலங்களைத் தேடும் குறியீட்டில் அது `வாடகை\D*(\d+)`. `\D*` என்றால் இலக்கம் அல்லாத எதையும் தாண்டிப் போ என்று பொருள், `\d+` என்றால் இலக்கங்களை எடு என்று பொருள். நம் விளம்பரத்தில் இதை ஓட்டினால் வாடகை 2 ரூபாய் என்று வரும். “வாடகைக்கு 2 பெட்ரூம்” என்ற தொடக்கத்திலேயே அது மாட்டிக்கொள்கிறது. “வாடகைக்கு” என்ற சொல்லுக்குள்ளும் “வாடகை” இருக்கிறதே.

சரி, சொல் அங்கேயே முடிய வேண்டும் என்று நிபந்தனை போடலாம் என்று ஆங்கிலத்தில் பழகியவர் சொல் எல்லையைக் குறிக்கும் `\b`யைச் சேர்ப்பார். பைத்தான் மொழியின் `re` தொகுப்பில் இது தமிழுக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. அந்தத் தொகுப்பு க, ட போன்ற முழு எழுத்துகளைத்தான் சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. ஐகாரக் குறி, இகரக் குறி, புள்ளி ஆகியவற்றை எழுத்தாகவே மதிப்பதில்லை. “வாடகை” ஐகாரக் குறியில் முடிவதால், அதற்கும் அடுத்த வெற்றிடத்துக்கும் இடையே எல்லை இருப்பதாக அதற்குத் தெரிவதில்லை. “வாடகைக்கு” என்பதிலோ குறிக்கும் அடுத்த “க்”கும் இடையே எல்லை இருப்பதாக நினைக்கிறது. விட வேண்டியதைப் பிடிக்கிறது, பிடிக்க வேண்டியதை விடுகிறது. தமிழில் இந்த வேலையைத் தொடங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் ஓடும், கட்டமும் நிரம்பும், நிரம்பியது மட்டும் தவறாக இருக்கும். எல்லையை நாமே வகுத்துக்கொள்வதுதான் வழி, அதாவது அடுத்து எந்தத் தமிழ்க் குறியீடும் வரக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும்:

```python
r'வாடகை(?![\u0B80-\u0BFF])\D*(\d+)'
```

இப்போது 22 கிடைக்கிறது. அதுவும் 22 ரூபாய்தான். “ஆயிரம்”, “லட்சம்” போன்ற சொற்களை எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும். “ஒன்றரை லட்சம்” என்று இலக்கமே இல்லாமல் எழுதுபவர்களும் உண்டு. “வாடகை 12, அட்வான்ஸ் 1” என்று எழுதிவிட்டு, வாசிப்பவர் பன்னிரண்டாயிரம், ஒரு லட்சம் என்று புரிந்துகொள்வார் என விட்டுவிடுபவர்களும் உண்டு.

இந்த விதியில் இன்னொரு ஓட்டை `\D*`. “வாடகை நேரில் பேசலாம், அட்வான்ஸ் 50 ஆயிரம்” என்ற விளம்பரத்தில் அது அட்வான்ஸ் என்ற சொல்லையும் தாண்டிப் போய் 50 ஆயிரத்தை வாடகையாக எடுத்துவரும். ஆகவே வேறொரு கட்டத்துக்குரிய சொல் குறுக்கே வந்தால் தேடலை அங்கேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். சரி, பக்கத்தில் உள்ள சொல்லை எடுத்தால் போதுமா? “வாடகை 14 ஆயிரம் அட்வான்ஸ் 70 ஆயிரம்” என்பதில் 14 ஆயிரத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு சொல் ஒட்டி நிற்கிறது. “14 ஆயிரம் வாடகை 70 ஆயிரம் அட்வான்ஸ்” என்று எழுதினாலும் தமிழுக்கு இயல்புதான். ஆனால் ஒரே விளம்பரத்துக்குள் பணத்தைச் சொல்லும் முறை பெரும்பாலும் மாறுவதில்லை. பணத்தைப் பற்றிய பகுதி சொல்லில் தொடங்குகிறதா, எண்ணில் தொடங்குகிறதா என்று பார்த்துத் திசையை முதலில் முடிவு செய்துகொண்டால் இரண்டு வடிவங்களும் சரியாக வந்துவிடும்.

அதனால் வேலையின் வரிசையும் முக்கியம். ஐயத்துக்கு இடமில்லாத எண்களை முதலில் எடுத்து அடித்துவிட வேண்டும். “850 ச.அடி”யை வேறு எதுவாகவும் எடுக்க முடியாது. “2 பெட்ரூம்”, “5 நிமிட”மும் அப்படியே. “3 மாடிக் கட்டடத்தில் 2வது மாடி” என்பதில் தமிழே உதவுகிறது. “வது”, “ஆம்” என்ற ஒட்டு இருந்தால் வீடு இருக்கும் தளம், இல்லாவிட்டால் கட்டடத்தின் உயரம். “மாடி” வேற்றுமை ஏற்று “மாடியில்” ஆனாலும் சொல் முழுதாக உள்ளே இருக்கும். “தளம்” அப்படியல்ல, “தளத்தில்” ஆகும்போது மகரம் போய்விடும், எனவே “தள” வரைதான் தேட வேண்டும். இவற்றையெல்லாம் எடுத்த பிறகு எஞ்சுபவை பெரும்பாலும் பணம்தான். “மெயின்டெனன்ஸ்” என்ற சொல்லுக்கு நம்மிடம் கட்டம் இல்லாவிட்டாலும், அதற்குரிய எண்ணை அடையாளம் கண்டு ஒதுக்க ஒரு விதி வேண்டும். இல்லையென்றால் அந்த 1500 வேறெங்காவது போய் உட்காரும்.

முன்பணக் கட்டம் ஒரு கணக்கைக் கேட்கிறது. “5 மாதம்” என்றால் ஐந்து மாத வாடகை, அதாவது 22 ஆயிரத்தை ஐந்தால் பெருக்கி 1,10,000. வாடகை தவறினால் இதுவும் சேர்ந்து தவறும். அதனால் பெருக்கிய தொகையோடு “5 மாதம்” என்ற மூலச் சொற்களையும் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. பிறகு யாரேனும் சரிபார்க்கும்போது எந்தச் சொல்லிலிருந்து எந்த எண் வந்தது என்று தெரியும்.

முன்பணத்தை வாடகையால் வகுத்துப் பார்ப்பது பிழையைக் காட்டிக்கொடுக்கும் நல்ல சோதனை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமாகக் கேட்பதும் உண்டு, பக்கத்து மாநிலத்துப் பெங்களூரில் பத்து மாதம் கேட்பது பழகிப்போன ஒன்று. ஆகவே மூன்று என்பதைச் சோதனையின் எல்லையாக வைத்தால் நல்ல பதிவுகளும் தள்ளப்படும். ஒன்றுக்குக் கீழேயும் பன்னிரண்டுக்கு மேலேயும் போகும் பதிவுகளை மட்டும் மனிதக் கண்ணுக்கு அனுப்பலாம். விளம்பரத்திலேயே முன்பணம் 1,10,000 என்று தொகையாக இருந்து, வாடகை மட்டும் 2 என்று தவறிய பதிவு அங்கே உடனே அகப்படும். முன்பணத்தை வாடகையிலிருந்து பெருக்கி எடுத்திருந்தால் இந்தச் சோதனை உதவாது.

இனி, விளம்பரம் சொல்லாதது. சொல்லப்படாத கட்டம் காலியாக இருக்க வேண்டும், `null` என்று. அதில் 0 போடக்கூடாது. தளக் கட்டத்தில் இது கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் தரைத்தளத்தை 0 என்றுதான் குறிக்கிறோம். பைத்தானில் `if floor:` என்று எழுதினால் 0வும் காலியும் ஒன்றாகிவிடும், தரைத்தள வீடுகள் அத்தனையும் தளம் தெரியாதவையாகப் போய்விடும். படியேற முடியாத பெற்றோருக்காக வீடு தேடுபவர் கேட்பது அந்த வீடுகளைத்தான். `if floor is not None:` என்று எழுதுவது அவசியம். எண்ணே இல்லாமல் “மாடி போர்ஷன்” என்று மட்டும் இருந்தால் முதல் மாடியாக இருக்கலாம் என்று தோன்றும். நான் அதைக் காலியாகவே விடுவேன். ஊகத்தைக் கட்டத்தில் எழுதிவிட்டால், பிறகு அது ஊகம் என்று யாருக்கும் தெரியாது.

பரப்பிலும் ஒரு மறைவு இருக்கிறது. 850 சதுர அடி என்பது எதன் பரப்பு? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவை வரையறுக்கிறது. வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது, உட்சுவர் சேரும். படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் கூட்டிச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் கணக்கு வேறு. வாடகை விளம்பரம் எந்தக் கணக்கு என்று அரிதாகவே சொல்கிறது. கட்டத்தில் எண் சரியாக உட்கார்ந்தாலும், இரண்டு வீடுகளின் 850ஐ அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.

சில விளம்பரங்கள் ஐந்து கட்டங்களுக்குள் வரவே வராது. “2 பெட்ரூம், லீஸ் 8 லட்சம், 2 வருடம்” என்பதில் மாத வாடகை கிடையாது. ஒரு பெருந்தொகையைக் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெறும் முறை இது, ஊர்ப்புறத்தில் ஒத்தி என்பார்கள். வாடகைக் கட்டத்தில் 0 என்று போட்டால், குறைந்த வாடகையிலிருந்து வரிசைப்படுத்தும்போது இந்த வீடு முதலில் வந்து நிற்கும். எட்டு லட்சம் இல்லாதவருக்கு அது பொய்யான நம்பிக்கை. வாடகையா லீஸா என்று சொல்லும் ஆறாவது கட்டம் ஒன்று வேண்டும். அதேபோல “1 பெட்ரூம் 9 ஆயிரம், 2 பெட்ரூம் 14 ஆயிரம்” என்று ஒரே விளம்பரத்தில் இரண்டு வீடுகள் வந்தால், பதிவும் இரண்டாக வேண்டும். சோடர்லண்டின் கருவி விளம்பரத்தில் வரும் ஒவ்வொரு அறை எண்ணையும் அதற்குரிய விலையோடு ஜோடி சேர்க்க முயன்றதும் இதற்காகத்தான்.

எல்லாம் முடிந்த பிறகு எவ்வளவு சரி என்று அளக்க, நூறு விளம்பரங்களை இருவர் தனித்தனியாகக் கையால் நிரப்பட்டும். அதோடு கணினி நிரப்பியதைக் கட்டம் கட்டமாக ஒப்பிட்டு இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். நிரப்பியவற்றில் எத்தனை சரி? நிரப்பியிருக்க வேண்டியவற்றில் எத்தனை விடுபட்டன? கண்டிப்பான விதி எழுதினால் முதல் கேள்விக்கு நல்ல பதில் வரும், இரண்டாவதில் அடி வாங்கும். வீடு தேடுபவருக்கு, விடுபட்ட கட்டம் ஒரு தொலைபேசி அழைப்போடு தீர்ந்துவிடும். தவறான வாடகை ஒரு நாள் அலைச்சலில் முடியும். அதனால் இந்த வேலையில் கண்டிப்பான விதியின் பக்கமே நிற்பேன். கையால் நிரப்பிய இருவரும் ஒரு கட்டத்தில் முரண்பட்டால், அங்கே பிழை விதியில் இல்லை. “1 பெட்ரூம், ஒரு ஸ்டடி ரூம்” என்பதற்கு அறைகள் ஒன்றா இரண்டா என்று அவர்கள் முதலில் பேசி முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும், விதியை அதன் பிறகு திருத்தலாம்.