ராத்திரி இரண்டு மணிக்கு நீ என்ன செய்தாய்?

"அக்கா, ஒரு தடவை படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று அந்தப் பெண் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் பதினோரு வருடம் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு பெற வேலை தேடுகிறாள். விண்ணப்பத்தோடு சேர வேண்டிய தன்னிலைக் கடிதம் ஒரு பக்கம் வந்திருந்தது. முதல் வரியிலேயே "சேவை மனப்பான்மையும் கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் கொண்டவள்". இந்த வரியை நான் இதுவரை எத்தனை பேர் கடிதத்தில் படித்திருப்பேன் என்று கணக்கில்லை. இங்கிலாந்தில் நானே வார்டில் நின்ற காலத்தில், வந்து குவியும் விண்ணப்பங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலையும் அவ்வப்போது என் தலையில் விழும்.

இந்தக் கடிதத்தை யார் படிக்கிறார்கள் என்பதிலேயே பலருக்குக் குழப்பம். அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்வது என்.எம்.சி. என்கிற கவுன்சில். அது கட்டுரை எதுவும் கேட்பதில்லை. படிப்பு, இங்கே பதிவு இருக்கிறதா, ஆங்கிலம், உடல்நலம், நன்னடத்தை இவற்றைப் பார்க்கும். பிறகு கணினியில் ஒரு தேர்வு, அங்கே போய்ச் செய்துகாட்ட வேண்டிய பத்து நிலையங்கள் கொண்ட ஆஸ்கி தேர்வு. கடிதத்தைக் கேட்பது வேலை கொடுக்கிற மருத்துவமனை. விளம்பரத்தோடு ஒரு பட்டியல் இணைத்திருப்பார்கள்: கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லது என்று இரண்டு பகுதி. படிப்பவர் ஒரு கையில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் பார்க்கிறார். "நோயாளி நிலைமை மோசமாவதைக் கண்டறிந்து உடனே தெரிவிப்பவர்" என்று அதில் இருந்தால், அதற்கான ஆதாரம் கடிதத்தில் எங்கே என்று தேடுவார். அர்ப்பணிப்புக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

அதனால் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "உன்னால ஒரு ஆளு பொழச்ச ராத்திரி ஒண்ணு சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். குடலில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், ஐம்பது வயசுக்காரர். ராத்திரி இரண்டு மணி. தூக்கம் வரவில்லை, வயிறு உப்பிக்கொண்டு வருகிறது என்கிறார். மூச்சு நிமிஷத்துக்கு 24, சாச்சுரேஷன் 94, பிபியில் மேல் அளவு 100, பல்ஸ் 112, காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ். நினைவு தெளிவாக இருக்கிறது. டியூட்டி டாக்டர் போனில் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டு, காலையில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

இதில் எந்த எண்ணும் தனியாகப் பார்த்தால் பதறவைக்காது. இங்கிலாந்தில் நியூஸ் 2 என்றொரு கணக்கு உண்டு. 2017-இல் அங்குள்ள ராயல் மருத்துவர் கல்லூரி வெளியிட்டது. ஒவ்வொரு அளவுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. இவருக்குப் போட்டுப் பார்த்தால் மூச்சுக்கு 2, சாச்சுரேஷனுக்கு 1, பிபிக்கு 2, பல்ஸுக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 8. ஏழு வந்துவிட்டாலே அங்கே அவசர அழைப்பு போகும்.

இவள் மருத்துவமனையில் அந்தக் கணக்கு கிடையாது. ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அரை மணி கழித்துத் திரும்பப் பார்த்தாள். கைக்கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணினாள்: 26. பிபி இன்னும் இறங்கியிருந்தது. நேராக சர்ஜனுக்கே போன் போட்டாள். யார், என்ன ஆபரேஷன், எத்தனையாவது நாள், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "நீங்க வந்து பாக்கணும் சார்" என்று முடித்தாள். அவர் வந்தார். குடலைத் தைத்த இடத்தில் கசிவு. விடிவதற்குள் மறுபடி தியேட்டர்.

"இதை ஏன் எழுதல?"

"எழுதியிருக்கேனே அக்கா, மூணாவது பாரா பாருங்க."

பார்த்தேன். "நோயாளியின் நிலை கண்காணிக்கப்பட்டு, மருத்துவருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டு, உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது." கேஸ் ஷீட் எழுதி எழுதி வந்த பழக்கம். அதில் நர்ஸ் என்று ஓர் ஆளே இருக்க மாட்டார், எல்லாம் தானாக நடந்த மாதிரி இருக்கும். மிஞ்சிய இடத்தில் "எங்கள் குழு". மதிப்பெண் போடுகிறவர் குழுவுக்கு வேலை கொடுக்கப் போவதில்லை. நான் எண்ணினேன், நான் அழைத்தேன் என்று எழுத நம் பெண்களுக்குக் கூச்சம். தற்பெருமை மாதிரி இருக்கிறதாம்.

திரும்ப எழுத உட்கார்ந்தபோது இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். நோயாளியின் பெயர் மட்டும் எடுத்தால் போதாது. தேதி, படுக்கை எண், ஊர் எதுவும் வரக்கூடாது. ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று அந்தக் கடிதமே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, "நியூஸ் 2 மதிப்பெண் 8 என்று கண்டேன்" என எழுதப் போனாள். அன்றைக்கு அது அவளுக்குத் தெரியாதே! "எங்கள் வார்டில் இந்த முறை இல்லை. பின்னாளில் படித்துப் போட்டுப் பார்த்தபோது 8 வந்தது" என்று மாற்றினோம். உண்மையும் அதுதான், புதிதாகக் கற்றுக்கொள்கிறாள் என்பதும் அதிலேயே தெரிகிறது. டியூட்டி டாக்டரைப் பற்றிக் குறையாக ஒரு சொல் கூட வைக்கவில்லை.

"வென்ஃப்ளான் போடுவேன், ஐவி மருந்து எல்லாம் தனியாவே கொடுப்பேன்" என்று பெரிதாக எழுதியிருந்தாள். இங்கே அது தினசரி வேலை. அங்கே பதிவு எண் கைக்கு வந்த பிறகும், பெரும்பாலான மருத்துவமனைகளில் அவர்களுடைய பயிற்சியும் பரீட்சையும் முடித்துக் கையெழுத்து வாங்கின பிறகுதான் தனியாக ஐவி மருந்து கொடுக்க விடுவார்கள். எனவே "இத்தனை வருட அனுபவம் உண்டு, உங்கள் முறைப்படி மறுபடி தேறக் காத்திருக்கிறேன்" என்று ஒரே வரியாகச் சுருக்கினோம். அவள் எழுதாமல் விட்டது வேறு: குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. நம் ஊரில் இதில் பாதியைக் கூட இருக்கிற சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்கே அது நர்ஸின் பொறுப்பு, நேர்காணலிலும் கேட்பார்கள்.

கடைசியாக, ஏன் வருகிறாய் என்ற பாரா. "உலகத்தரம் வாய்ந்த மருத்துவமனையில் பணிபுரிவது என் சிறுவயதுக் கனவு." எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் ஒட்டிக்கொள்ளும்.

"நெசமா ஏன்டி போற?"

"சம்பளம்தான். வீட்டுக் கடன் இருக்கு. வேற என்னத்த எழுத?"

சம்பளத்துக்காகப் போவதில் தப்பு ஒன்றும் இல்லை. படிப்பவருக்கும் அது தெரியும். ஆனால் ஏன் இந்த வேலை, ஏன் இந்த வார்டு என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. வேறு காரணமே இல்லையா என்று துருவினேன். வயிற்றில் பை வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பையை எப்படி மாற்றுவது, தோல் புண்ணானால் என்ன செய்வது என்று சொல்லித்தர அவள் மருத்துவமனையில் தனியாக ஆள் கிடையாது. டிஸ்சார்ஜ் அன்று பத்து நிமிஷம் இவள்தான் சொல்லிக்கொடுப்பாள். பல பேர் அவள் செல் நம்பரை வாங்கிப் போய் ராத்திரியில் கூப்பிடுவார்களாம். பதினோரு வருடத்தில் அவளுக்கு மேலே இருந்த படி வார்டு இன்சார்ஜ் ஒன்றுதான். இங்கிலாந்தில் ஸ்டோமா நர்ஸ் என்று தனிப் பிரிவே உண்டு. ஆபரேஷனுக்கு முன்னாலேயே வயிற்றில் எந்த இடத்தில் பை வர வேண்டும் என்று குறி வைப்பதில் தொடங்கி, வீடு திரும்பின பிறகும் கூடவே வருவார்கள். அவள் போக நினைக்கிற இடம் அதுதான். ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அதை அப்படியே எழுதச் சொன்னேன். குழந்தைக்காக வேலையை விட்டிருந்த இரண்டு வருடத்தையும் மறைக்காமல் ஒரு வரியில் போட்டோம்.

போன வாரம் ஆன்லைனில் நேர்காணல். முடிந்த கையோடு கூப்பிட்டாள்.

"அந்த ராத்திரிய பத்தி ரெண்டே கேள்விதான் அக்கா. சர்ஜனும் போன எடுக்கலன்னா என்ன செஞ்சிருப்பேன்னு கேட்டாங்க. மத்த நேரமெல்லாம் பைக் கதைதான். தோல் புண்ணுக்கு நான் என்ன போடுறேன்னு கேட்டு அந்தம்மா எழுதிக்கிட்டாங்க!"