பதினொன்றாவது ஜூஸின் உண்மையான விலை

"பத்து ஜூஸ் குடித்தால் பதினொன்றாவது இலவசம்" என்று அட்டை கொடுக்கும் கடைக்காரரிடம், இதனால் உங்களுக்கு என்ன செலவு என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு டம்ளர் ஜூஸோட அடக்கம்தானே, இருபது ரூபாய்" என்பார். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

ஒரு டம்ளர் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழம், பால், சர்க்கரை, கப் எல்லாம் சேர்ந்து அடக்கம் 20. மிச்சம் 30 ரூபாயில்தான் வாடகையும் ஆள் சம்பளமும். வாரம் ஒரு முறை தவறாமல் வரும் ஒரு வாடிக்கையாளர் பதினொரு வாரத்தில் கல்லாவுக்கு 330 ரூபாய் மிச்சம் தருகிறார். அட்டை வந்த பிறகும் அவர் அதே மாதிரி வந்தால், பத்து டம்ளருக்கு 300 கிடைக்கும். இலவச டம்ளரின் அடக்கம் 20 போக 280. ஆக இழப்பு 50 ரூபாய், இருபது இல்லை. காசு கொடுத்துக் குடிக்கவிருந்தவருக்கு நாமே வலிந்து சும்மா கொடுத்துவிட்டோம்.

சரி, அட்டையைப் பார்த்து அவர் ஒரு முறை கூடுதலாக வருகிறார் என்றால்? பன்னிரண்டு டம்ளரில் பதினொன்றுக்குக் காசு. 330-இல் இருபதைக் கழித்தால் 310. இன்னும் பழைய 330-ஐத் தொடவில்லை. இரண்டு முறை கூடுதலாக வந்தால்தான் 340 ஆகி, பத்து ரூபாய் லாபம் தெரிகிறது. பத்து சதவீதத் தள்ளுபடி அட்டை இதைவிட மோசம். மிச்சமாகும் முப்பதில் ஐந்து ஒவ்வொரு டம்ளரிலும் போய்விடும். பழைய வரும்படியைக் காப்பாற்றவே விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும். அதோடு தள்ளுபடி இன்றே கைக்குக் கிடைத்துவிடுவதால், மறுபடி வர அது பெரிய காரணமாகவும் இருப்பதில்லை.

பரிசை மாற்றினால் கணக்கு மாறும். பதினொன்றாவது ஜூஸை வாங்கும்போது, பலகையில் 40 ரூபாய் போட்டிருக்கிற, அடக்கம் 15 ஆகிற ஒரு சாண்ட்விச் இலவசம் என்று வையுங்கள். வாடிக்கையாளர் துளியும் கூடுதலாக வராவிட்டாலும் 315 நிற்கிறது. ஒரே ஒரு முறை கூடுதலாக வந்தால் 345. அவர் கண்ணுக்கு நாற்பது ரூபாய்ப் பரிசு. கல்லாவுக்குப் பதினைந்து ரூபாய்ச் செலவு. ஒரு நிபந்தனை: அவர் வழக்கமாகக் காசு கொடுத்து வாங்காத பண்டமாக அது இருக்க வேண்டும். தினமும் சாண்ட்விச் சாப்பிடுகிறவருக்கே அதைக் கொடுத்தால் பழைய இழப்பு வேறு வழியாக வந்து சேரும்.

இனி, ஆளை அடிக்கடி வரவைப்பது. ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 அட்டைகள் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், இரண்டில் முன்கூட்டியே முத்திரை. எப்படிப் பார்த்தாலும் இன்னும் எட்டு முறை வர வேண்டும். ஆனால் காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதமும், மற்றவர்களில் 34 சதவீதமும் அட்டையை நிரப்பினார்கள். 2006-இல் வெளிவந்த இந்த முடிவு கடைக்காரருக்குக் காசு செலவில்லாத யோசனை. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், காபி அட்டை நிரம்ப நிரம்ப ஆட்கள் சீக்கிரம் சீக்கிரம் வந்தார்கள். இலவசக் காபி கிடைத்து, புது அட்டை தொடங்கியதும் வேகம் தளர்ந்தது. எனவே பரிசைக் கொடுக்கும் அதே கையால், இரண்டு முத்திரை குத்திய அடுத்த அட்டையையும் கொடுத்துவிடுவது நல்லது.

முத்திரை எதற்கு என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். டம்ளருக்கு ஒன்று என்றால், அலுவலகத்துக்கே ஜூஸ் வாங்கிப் போகிறவர் ஒரே நாளில் அட்டையை நிரப்பிவிடுவார். வருகைக்கு ஒன்று என்றால் சிலர் ஒரே பில்லை இரண்டாகப் போடச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் நிறுவனமே இந்தத் தொல்லையைப் பார்த்துத்தான் 2016-இல் வருகைக் கணக்கை விட்டு, செலவழிக்கும் தொகைக்கு மாறியது. சின்னக் கடைக்கு என் யோசனை: ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு முத்திரை, அவ்வளவுதான்.

அந்த முத்திரை தேதி முத்திரையாக இருக்கட்டும். வெறும் நட்சத்திரம் குத்தினால் எதுவும் தெரியாது. அதே ரப்பர் ஸ்டாம்பைக் கடையில் யாரும் வாங்கிவிடலாம். அட்டை போடுவதற்கு முன் ஒரு மாதம், தெரிந்த முகங்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டால், திரும்பி வரும் அட்டைகளின் தேதிகளை அதோடு ஒப்பிடலாம். ஏழு நாள் இடைவெளி ஆறாகியிருந்தால் சாண்ட்விச்சின் காசு வந்துவிட்டது. ஏழு ஏழாகவே இருந்தால், கொடுத்த அட்டைகளுக்கு வாக்குத் தவறாமல் பரிசு கொடுத்து முடித்துவிட்டு, அடுத்த கட்டு அச்சடிக்காமல் நிறுத்திவிடலாம்.