அளவு சட்டை

துணிக்கடையில் முதலில் வரும் கேள்வி, "என்ன சைஸ் சார்?" என்பதுதான். கல்யாணமான நாளிலிருந்து மனைவி எடுத்துக் கொடுத்ததையே உடுத்திப் பழகியவருக்கு அதற்குப் பதில் தெரிவதில்லை. எந்தத் துணி வேர்வைக்கு ஒத்துக்கொள்ளும், எது இரண்டு சலவையில் சுருங்கும், எந்தத் தையல்காரர் கழுத்தை ஒழுங்காக வெட்டுவார் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்கு மனப்பாடம். எழுதி வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

மதுரையில் 68 வயது ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மனைவி இறந்த வருடம் வீட்டில் தீபாவளி இல்லை, புதுத்துணியும் இல்லை. பீரோவில் இருந்ததையே மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிவிட்டார். அடுத்த வருடம் தங்கை மகளுக்குக் கல்யாணம் வருகிறது. காலர் நைந்த சட்டையோடு போய் நிற்க முடியாது. "நானே எடுத்து அனுப்பிடறேன்ப்பா" என்கிறாள் சென்னையில் இருக்கும் மகள். அன்பாகச் சொல்கிறாள். ஆனால் அப்படி அனுப்பினால் அடுத்த விசேஷத்துக்கும் அவர் கூரியருக்குத்தான் காத்திருக்க வேண்டும். "நீங்க எடுங்கப்பா, நான் கூட வந்து நிக்கறேன்" என்பதே அவருக்கு உதவி.

துணையை இழந்தவர்களைப் பற்றி நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து அழுவதற்கும், மாறிப்போன வாழ்க்கையின் வேலைகளைக் கவனிப்பதற்கும் இடையே போய்ப் போய் வருகிறார். இரண்டும் தேவை என்றார்கள். மறைந்தவர் செய்துவந்த வேலையைக் கற்றுக்கொள்வது இரண்டாவது வகை. சட்டை எடுப்பதும் அதில் சேரும்.

கடைக்குப் போகுமுன் பீரோவைத் திறப்பது நல்லது. கை தானாக எடுக்கும் சட்டை ஒன்று இருக்கும். தையல்காரர்கள் கேட்கும் 'அளவு சட்டை' அதுதான். பட்டன்களைப் போட்டுக் கட்டிலில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை டேப் பிடித்தால் 22 அங்குலம். இரட்டித்தால் 44. அவர் மார்பளவு 40. மூச்சுவிடவும் கை தூக்கவும் நாலு அங்குலம் தளர்வு. காலரில் 40 என்று போட்டிருப்பதைப் பார்த்து அதையே மார்பளவு என்று நினைத்துவிடக் கூடாது. ஃபார்மல் சட்டைகளில் பல கம்பெனிகள் போடும் அந்த எண், சென்டிமீட்டரில் கழுத்தளவு.

பழைய அளவை அப்படியே நம்பிவிடவும் முடியாது. துணையை இழந்த மாதங்களில் பசி போய் உடம்பு இளைப்பது சகஜம். இவருடைய கழுத்தைச் சுற்றி டேப் பிடித்தால் இப்போது 38 சென்டிமீட்டர்தான். 40 சட்டை போட்டால் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கிறது. 39 பொருந்துகிறது, காலர் பட்டனைப் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைந்தால் சரி. (எடை குறைந்துகொண்டே போனால் முதலில் பார்க்க வேண்டியவர் டாக்டர்.) தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அப்புறம், கண்ணாடி முன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. ட்ரையல் ரூமில் ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து பார்க்க வேண்டும். உட்காரும்போது வயிற்றுக்கு நேரே பட்டன்களுக்கு நடுவில் துணி வாய் பிளந்தால், அது ஸ்லிம் ஃபிட்டாக இருக்கும். அதே எண்ணில் ரெகுலர் ஃபிட் கேட்கலாம்.

நிறத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். கடை விளக்கும் சேர்ந்து ஏமாற்றும். கூச்சப்படாமல் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். கடைக்காரர்களுக்கு இது பழக்கமானதுதான்.

அங்கேதான் நம்மவர் ஒன்றைக் கவனிக்கிறார். அவருடைய பீரோவில் கட்டம் போட்ட சட்டை ஒன்றுகூட இல்லை. "அம்மாவுக்குக் கட்டம் பிடிக்காதுப்பா" என்கிறாள் மகள். அவருக்குப் பிடிக்கும். இத்தனை வருடமும் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. சிறு கட்டம் போட்ட நீலச் சட்டை ஒன்றை எடுக்கிறார். மனைவியின் ரசனையை மீறிவிட்டோமோ என்று பில் போடும் இடத்தில் ஒரு நிமிடம் தயங்கத்தான் செய்கிறார். அந்தத் தயக்கம் வந்தே தீரும். அதற்காகச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரே நாளில் ஆறு சட்டை வாங்குவது வேண்டாம். ஒன்றை வாங்கி, இரண்டு தடவை துவைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கழுத்து இளைத்து வயிறு மட்டும் அப்படியே இருப்பவருக்கு ரெடிமேட் லேசில் அமையாது. பிட் எடுத்துத் தைப்பதே மேல். 58 அங்குலப் பன்னா என்றால் முழுக்கைச் சட்டைக்குப் பெரும்பாலும் 1.6 மீட்டர் போதும். பருத்தியாக இருந்தால் வீட்டிலேயே தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகு தையல்காரரிடம் கொடுக்க வேண்டும். கூடவே அந்த அளவு சட்டையையும் கொடுத்து, "கழுத்தை மட்டும் ஒரு சென்டிமீட்டர் குறைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வரலாம்.