உப்பு 0.9, குளுக்கோஸ் 5: இரண்டு பாட்டில், மூன்று கணக்கு

மருத்துவமனையில் டிரிப் ஏற்றும் பாட்டில்களில் இரண்டு வகை அதிகம் கண்ணில் படும். ஒன்றில் 0.9 சதவீதம் சோடியம் குளோரைடு என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் 5 சதவீதம் குளுக்கோஸ். எடையைப் பார்த்தால் இரண்டாவதில் ஐந்தரை மடங்கு அதிகமாகக் கரைந்திருக்கிறது. ஆனால் இரண்டுமே இரத்தத்தோடு ஏறக்குறையச் சமமான சவ்வூடு பரவல் அழுத்தம் உள்ளவை. மேல்நிலை வேதியியலில் தொகைசார் பண்புகள் பாடத்துக்குக் கொடுக்கப்படும் வீட்டுப்பாடத்தின் மூன்று கணக்குகளையும் இந்த இரண்டு பாட்டில்களை வைத்தே போட்டுவிடலாம். மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்.

நீரில் ஏதாவது கரைந்திருந்தால், நீர் மூலக்கூறுகள் அந்தக் கரைசலை விட்டு வெளியேறும் போக்கு குறைகிறது. ஆவியாக வெளியேறுவது குறைவதால், கொதிக்க வைக்கக் கூடுதல் வெப்பநிலை வேண்டும். பனிக்கட்டியாக மாறுவதும் குறைவதால், உறைய வைக்க இன்னும் குளிர்விக்க வேண்டும். ஒரு சவ்வின் மறுபக்கம் தூய நீர் இருந்தால், அங்கிருந்து நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் அழுத்தமே சவ்வூடு பரவல் அழுத்தம். மூன்றும் ஒரே காரணத்தின் விளைவுகள். கரைந்திருப்பது உப்பா சர்க்கரையா என்பது முக்கியமில்லை. எத்தனை துகள்கள் என்பதே கேள்வி.

ஒரு லிட்டர் குளுக்கோஸ் டிரிப்பில் 50 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. மூலக்கூறு நிறை 180. ஆக 0.278 மோல். சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, நிறை 58.5. ஆக 0.154 மோல். இந்த இடத்தில் பலர் நின்றுவிடுவார்கள், உப்புக் கரைசல் பாதியளவுதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் உப்பு நீரில் சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. குளுக்கோஸ் பிரிவதில்லை. எனவே உப்புக்கு வாண்ட் ஹாஃப் காரணி 2, துகள்களின் அளவு 0.308 மோல். 0.278-க்கும் 0.308-க்கும் இடையே பெரிய தூரமில்லை.

முதலில் சவ்வூடு பரவல் அழுத்தம். சூத்திரம் π = iCRT. உடல் வெப்பநிலை 37 டிகிரி, அதாவது 310 கெல்வின். R 0.0821. குளுக்கோஸுக்கு 0.278 × 0.0821 × 310 = சுமார் 7.1 அட்மாஸ்பியர். சலைனுக்கு 0.308 × 0.0821 × 310 = சுமார் 7.8. கெல்வினுக்கு மாற்றாமல் 37 என்றே போட்டால் குளுக்கோஸுக்கு 0.84 அட்மாஸ்பியர் வரும். அந்த விடை பார்வைக்கு இயல்பாகத்தான் தோன்றும், ஆபத்தே அதில்தான். லிட்டருக்குக் கால் மோல் துகள்கள் இருந்தால் அறை வெப்பநிலையில் ஆறு அட்மாஸ்பியருக்கு மேல் வர வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்தால் தவறு உடனே பிடிபடும். இந்த அழுத்தம் சின்ன விஷயமல்ல. சிவப்பணுக்களைத் தூய நீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து அவை வீங்கி வெடித்துவிடுவதும் இதனால்தான்.

அடுத்தது உறைநிலைத் தாழ்வு, ΔTf = i × Kf × m. இங்கே m என்பது மோலாலிட்டி. ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல் என்பது அதன் பொருள், ஒரு லிட்டர் கரைசலுக்கு என்பதல்ல. குளுக்கோஸ் பாட்டிலில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். அதன் ஒரு லிட்டர் கரைசல் ஏறத்தாழ 1017 கிராம் எடை இருக்கும். அதில் 50 கிராம் குளுக்கோஸைக் கழித்தால் நீர் 967 கிராம்தான். மோலாலிட்டி 0.287. நீரின் Kf 1.86 என்பதால் தாழ்வு 0.53 டிகிரி. மோலாரிட்டியை அப்படியே போட்டிருந்தால் 0.52 வந்திருக்கும். நீர்த்த கரைசல் என்பதால் தப்பித்தோம். செறிவு கூடக் கூட இந்த இடைவெளி அகலும்.

சலைனுக்கு மோலாலிட்டி சுமார் 0.155. விடை 2 × 1.86 × 0.155 = 0.58 டிகிரி. ஆனால் உண்மையில் அளந்தால் 0.53-ஐ ஒட்டித்தான் வரும். எதிரெதிர் மின்சுமையுள்ள அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவை முழுச் சுதந்திரமான துகள்களாக நடந்துகொள்வதில்லை. இந்தச் செறிவில் உப்பின் காரணி ஏறக்குறைய 1.86. (இது நீரின் Kf மதிப்போடு ஒத்திருப்பது தற்செயல்.) காரணியைத் திருத்தியதும் உப்பும் குளுக்கோஸும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா உறைவதும் பூஜ்யத்துக்குக் கீழே அதே அரை டிகிரியை ஒட்டித்தான். பாடநூல் கணக்கில் 2 என்று போடச் சொன்னால் 2 என்றே போட வேண்டும். அது மிக நீர்த்த கரைசலுக்கான எல்லை மதிப்பு என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கொதிநிலை ஏற்றத்தை விரைவாக முடித்துவிடலாம். நீரின் Kb 0.512 மட்டுமே. குளுக்கோஸுக்கு 0.15 டிகிரி, சலைனுக்கு 0.16. காற்றழுத்தம் 4 மில்லிமீட்டர் பாதரசம் அளவு மாறினாலே நீரின் கொதிநிலை இவ்வளவு நகர்ந்துவிடும். ஆய்வகங்களில் கொதிநிலையை விட உறைநிலையை நம்புவதற்கு இது ஒரு காரணம். இரத்தத்தைக் கொதிக்க வைத்தால் புரதம் திரிந்துவிடும் என்பது இன்னொன்று. இரத்தத்தின் ஆஸ்மொலாலிட்டியை அளக்கும் மருத்துவமனைக் கருவி பெரும்பாலும் செய்வது உறைநிலைத் தாழ்வுக் கணக்கைத்தான். மாதிரியை உறைநிலைக்கும் கீழே குளிர்வித்து, சட்டென்று உறையத் தூண்டி, வெப்பநிலை ஏறி நிலைக்கும் புள்ளியைக் குறித்து, அதை 1.86-ஆல் வகுக்கிறது. இயல்பான விடை கிலோவுக்கு 275 முதல் 295 மில்லி ஆஸ்மோல்.

சரி, மூன்று முறைகள் எதற்கு, உறைநிலை ஒன்றே போதாதா? சிறிய மூலக்கூறுகளுக்குப் போதும். ஹீமோகுளோபினை எடுத்துக்கொண்டால் கதை மாறிவிடும். அதன் மூலக்கூறு நிறை சுமார் 64,500. லிட்டருக்கு 10 கிராம் கரைத்தால் கிடைப்பது 0.000155 மோல்தான். உறைநிலை 0.0003 டிகிரி இறங்கும். இவ்வளவு சிறிய மாற்றத்தில், புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஒரு துளி உப்பே மொத்த விடையையும் கெடுத்துவிடும். அதே கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் 300 கெல்வினில் 0.0038 அட்மாஸ்பியர். எண் சிறிதுதான், ஆனால் அது ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். சாதாரண அளவுகோலால் அளந்துவிடலாம். உப்பு சவ்வைக் கடந்து இருபுறமும் பரவிவிடுவதால் அதன் தொல்லையும் பெருமளவு நீங்குகிறது.

1920-களில் இங்கிலாந்தின் கில்பர்ட் அடேர் இந்த வழியில்தான் ஹீமோகுளோபினின் நிறையைக் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்தது சுமார் 67,000. அதிலுள்ள இரும்பின் அளவை வைத்து, ஓர் இரும்பணுவுக்கு ஏறத்தாழ 16,700 என்று ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவது நான்கு. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இரும்பணுக்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.